வீட்டில் ஒட்டிக்கொள்வாள், வெளியே கையைப் பிடித்தால் விறைத்துப்போவாள்

நடைபயணி | மார்ச் 4, இரவு 10.40

நேராகக் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்குள் என் மனைவி என்னை விட்டு நகரமாட்டாள். படம் பார்க்கும்போது காலைத் தூக்கி என் மடியில் போட்டுக்கொள்வாள். பேசிக்கொண்டே என் விரல்களுக்கு ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுப்பாள். நான் பாத்திரம் கழுவினால் பின்னால் வந்து முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். தெருவில் இறங்கியதும் அதே கை கட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

உதறமாட்டாள். உதறினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். நான் பிடித்தால் பிடிக்க விடுகிறாள், ஆனால் விரல்கள் மடங்காது. நீட்டிய விரல்களோடு அவள் கை என் கைக்குள் சும்மா கிடக்கும். கொஞ்ச நேரத்தில் தோள்பை நழுவும், அல்லது போனை எடுக்க வேண்டியிருக்கும், அல்லது முடி முகத்தில் விழும். கை போய்விடும். திரும்பி வராது.

நண்பர்கள் கூடும் இடத்தில் இன்னும் மோசம். மற்ற ஜோடிகள் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் என் பக்கத்தில் அலுவலகக் கூட்டத்துக்கு வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். நாலு பேருக்கு முன்னால் காட்டாத அன்பு பாதி அன்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு | மார்ச் 4, இரவு 11.15

இது தெரிந்த விஷயம்தான் சகோ. நெருக்கத்தைத் தவிர்க்கும் வகை மனிதர்கள் இருக்கிறார்கள். குழந்தையாக இருக்கும்போது தாயோடு அமைந்த பிணைப்பைப் பொறுத்தது அது. பெரியவர்களின் காதல் உறவுக்கும் அதே வகைப்பாடு பொருந்தும் என்று ஹாசானும் ஷேவரும் 1987-லேயே எழுதிவிட்டார்கள். உங்கள் மனைவி அந்த வகை.

இன்னொன்று. கணவன் கையைப் பிடித்துக்கொண்டால் மூளையில் பயம் குறைகிறது என்று ஸ்கேன் எடுத்தே காட்டியிருக்கிறார்கள். அவருக்கு நல்லது செய்யும் ஒன்றைத்தான் அவர் மறுக்கிறார். தொடர்ந்து பிடியுங்கள், பழகிவிடும்.

ஆலமரம் | மார்ச் 5, காலை 6.20

என் வீட்டில் நிலைமை தலைகீழ். வெளியே போனால் என் கணவர் தோளில் கை போடுவார், சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பார், போட்டோ என்றால் இடுப்பை அணைத்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் எல்லோரும் நான் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அவர் ஒரு அறை, நான் ஒரு அறை. நடைபயணி, உங்கள் மனைவி முதுகில் முகம் வைத்து நிற்கிறாள் என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் எதைப் பாதி என்கிறீர்கள்?

நடைபயணி | மார்ச் 5, காலை 8.05

ஆலமரம் அக்கா, உங்கள் வரிகளைப் படித்ததும் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. என் குறை சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் அது போய்விடவில்லை.

நேர்கோடு சொன்னது என்னவோ ஒட்டவில்லை. நெருக்கத்தைத் தவிர்க்கிறவள் என்றால் வீட்டில் ஏன் தவிர்ப்பதில்லை?

படித்துறை | மார்ச் 5, மாலை 4.30

தம்பதியரோடு உட்கார்ந்து பேசுவதையே பல வருடம் வேலையாகச் செய்தவள். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்தப் புகாரை நிறையக் கேட்டிருக்கிறேன்.

நேர்கோடு சொன்ன 1987 கட்டுரை உண்மைதான். ஆனால் அந்தத் தவிர்ப்பு வாசற்படியைப் பார்த்து மாறாது. அப்படிப்பட்டவர்கள் மனம் உடைந்திருக்கும் நேரத்தில்தான் அதிகம் விலகுவார்கள். நீங்கள் ஆறுதல் சொல்லக் கிட்டே போனால் வேறு வேலையை எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் தானே வந்து முதுகில் சாய்கிற பெண்ணுக்கு அந்தப் பெயரை ஒட்ட வேண்டாம்.

ஸ்கேன் ஆய்வும் உண்மை. ஜேம்ஸ் கோனும் அவர் கூட்டாளிகளும் செய்து 2006-ல் வெளியிட்டது. மணமான 16 பெண்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, கணுக்காலில் லேசாக மின்சாரம் பாயலாம் என்று எச்சரித்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் பதற்றம் குறைந்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோதும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. மணவாழ்க்கையில் நிறைவாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். இதில் பயம் வேறு எங்கிருந்தோ வருகிறது, கை ஆறுதலாக வருகிறது. உங்கள் மனைவிக்குத் தெருவில் கையைப் பிடிப்பதே பதற்றத்தைக் கொண்டுவருகிறது என்றால் இந்த ஆய்வு அதற்குப் பதில் சொல்லாது. "தொடர்ந்து பிடியுங்கள்" என்ற அறிவுரை அதிலிருந்து வராது.

நடைபயணி தம்பி, எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் அந்தக் கை எப்படி இருக்கிறது? வெளியே யார் முதலில் பிடிக்கிறீர்கள், எப்போதும் நீங்கள்தானா? அவர் பயந்த நேரத்தில், அழுத நேரத்தில், சுற்றிலும் ஆட்கள் இருந்தபோது என்ன செய்தார்? யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை.

ஈரக்கை | மார்ச் 5, இரவு 9.50

பெயரைப் பார்த்தாலே புரியும். உள்ளங்கை வியர்க்கும் ஆள் நான். கொஞ்சநஞ்சம் இல்லை, காகிதத்தில் கை வைத்தால் மை கலங்கும். காதலித்த காலத்தில் அவள் கையை நீட்டும்போதெல்லாம் நான் பையில் கையை விட்டுக்கொள்வேன். கட்டிப்பிடிப்பேன், தோளில் சாய்வேன், கை மட்டும் கிடையாது. அவள் அதை வெட்கம் என்று நினைத்தாள், பிறகு திமிர் என்று நினைத்தாள்.

உங்கள் மனைவி வீட்டில் விரலைப் பிடிக்கிறார் என்பதால் அவருக்கு இது இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெளியே பதற்றத்தில் மட்டும் வியர்க்கிறவர்களும் உண்டு. கை ஈரமாக இருக்கிறதா, பிடிப்பதற்கு முன் துணியில் துடைக்கிறாரா என்று பாருங்கள்.

இங்கே படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். சின்ன வயதிலோ பதின்வயதிலோ தொடங்கி, இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருந்து, தூக்கத்தில் நின்றுவிடுகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும், பெரும்பாலும். இரவில் பூசும் அலுமினியம் குளோரைடு திரவத்தில் தொடங்குவார்கள். அது போதாமல் எனக்குத் தண்ணீர்த் தட்டில் கையை வைத்து லேசான மின்னோட்டம் விடும் சிகிச்சை கொடுத்தார்கள். கை காய்ந்தது, ஆனால் நிறுத்தினால் திரும்பும், விட்டு விட்டுச் செய்துகொண்டே இருக்க வேண்டும். நரம்பை வெட்டும் அறுவையும் இருக்கிறது. அதற்குப் பிறகு முதுகு, வயிறு என்று வேறு இடத்தில் வியர்வை கூடலாம் என்று மருத்துவர் சொன்னதால் நான் போகவில்லை.

நடைபயணி | மார்ச் 7, இரவு 11.30

ஈரக்கை, அவள் கை காய்ந்துதான் இருக்கிறது. கவனித்தேன். நன்றி.

படித்துறை அம்மாவின் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பழையதையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். எழுதுவதற்கு முன் நான் நினைத்திருந்த படமும் இப்போது வரும் படமும் ஒன்றாக இல்லை.

முதல் கேள்வி. எங்களை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போயிருந்தபோது, கூட்டம் நெருக்கித் தள்ளும் தெருவில், என் கோட்டுப் பைக்குள் அவளே கையை விட்டு என் கையோடு கோத்துக்கொண்டாள். குளிராக இருந்தது, அதனால்தான் என்று அன்று நினைத்தேன். மறுநாள் குளிர் இல்லை, அன்றும் பிடித்தாள். ஊர் திரும்பி எங்கள் தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கியதும் கை போய்விட்டது. அவள் அலுவலகம் இருக்கும் சாலையில் பிடிக்கவே மாட்டாள். அந்தப் பக்கம் போனால் எங்களுக்கு நடுவில் இன்னொரு ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி விடுவாள்.

மூன்றாவது கேள்வி. அவள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனை நடைக்கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைய பேர் நின்றார்கள். கதவு திறக்கும்வரை என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். யார் பார்த்தார்கள் என்றெல்லாம் அவளுக்கு நினைவே இல்லை.

இரண்டாவதற்குப் பதில்: ஆம், அந்த வெளியூர்ப் பயணத்தையும் மருத்துவமனையையும் விட்டால் வெளியே எப்போதும் நான்தான் முதலில் பிடிக்கிறேன். வீட்டில் பாதிக்கு மேல் அவள்.

நேர்கோடு | மார்ச் 8, காலை 7.10

அப்படியென்றால் கூட்டம் பிரச்சினை இல்லை, தெரிந்த முகம்தான் பிரச்சினை. படித்துறை அம்மா சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். தெரிந்தவர்கள் முன்னால் கணவனைத் தொடாத பெண் எதையாவது மறைக்கிறாள் என்று ஏன் நினைக்கக் கூடாது? அலுவலகச் சாலையில் ஒரு ஆள் இடைவெளி என்பது எனக்கு நெருடுகிறது.

படித்துறை | மார்ச் 8, காலை 11.00

நேர்கோடு, அந்தச் சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஆனால் கையை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. உறவையே மறைக்கிறவர் உங்களை அறிமுகப்படுத்தமாட்டார். உங்களைப் பற்றி அலுவலகத்தில் பேச்சே இருக்காது. விழாவுக்குத் தனியாகப் போய்வருவார். நீங்கள் திடீரென்று அங்கே போய் நின்றால் முகம் மாறும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்னொரு நிலையும் உண்டு. முன்பு எங்கும் கையைப் பிடித்தவர் ஒரு கட்டத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டார் என்றால், அந்தச் சமயத்தில் என்ன நடந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நடைபயணி, அவர் உங்களைத் தன் அலுவலக ஆட்களிடம் எப்படி அறிமுகப்படுத்துகிறார்?

நடைபயணி | மார்ச் 8, மதியம் 1.45

பெயரைச் சொல்லி, என் கணவர் என்று சொல்லித்தான். நான் என்ன வேலை செய்கிறேன், எதில் கெட்டிக்காரன் என்றுகூட அடுக்குவாள். அவளோடு வேலை செய்பவர்களுக்கு என் முதுகுவலி வரை தெரிந்திருக்கிறது. மறைப்பு எதுவும் இல்லை. தொடுவது மட்டும் இல்லை.

சாம்பல்பூனை | மார்ச் 9, இரவு 12.20

நான் உங்கள் மனைவியின் பக்கம். அதாவது நானும் அப்படித்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதிப் பார்க்கிறேன். எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை.

தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்ததும் அந்தக் கையில் எனக்கு உணர்வே இருக்காது. கவனம் முழுக்க என் முகத்துக்குப் போய்விடும். இப்போது என் முகம் எப்படி இருக்கிறது, சிரிக்கிறேனா, அந்த மேசையில் இருப்பவர் பார்த்துவிட்டாரா. அவர் விரலை அழுத்துவார், பதிலுக்கு அழுத்த வேண்டும் என்று தெரியும், கைக்குச் செய்தி போய்ச் சேராது. வீட்டில் இதே கையை நானே தேடிப் போகிறேன். வெளியே எனக்கு அவர் மேல் அன்பு குறைந்துவிடுகிறதா என்று என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை. எனக்கு வீட்டில் இருக்கும் முகம் ஒன்று, அது அவருக்கு மட்டும் உரியது. அதை மற்றவர்கள் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

அடுத்தது இன்னும் கஷ்டம். எத்தனை நேரம் கையை வைத்திருக்கிறேன் என்று அவர் பார்ப்பது எனக்குத் தெரியும். நான் எடுத்ததும் அவர் முகம் வாடும், பேச்சு குறையும். அடுத்த முறை அவர் கை வரும்போதே எனக்குத் தேர்வு தொடங்கிவிடும். பையைச் சரிசெய்வது, போனை எடுப்பது எல்லாம் மரியாதையாக வெளியேறும் வழிகள். "எடுத்துக்கொள்கிறேன்" என்று வாயால் சொல்ல முடியாததால் பை நழுவுகிறது.

நடைபயணி | மார்ச் 9, காலை 6.50

தோள்பை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேர்கோடு | மார்ச் 9, காலை 9.15

சாம்பல்பூனை, உங்களுக்கு உதவும் என்று நினைத்து ஒன்று சொல்கிறேன். நாம் நினைக்கும் அளவுக்கு யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு செய்த ஆய்வு, 2000-ல் வெளியானது. போட்டுக்கொள்ளவே கூசும் படம் போட்ட பனியனை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கால்வாசிப் பேர்தான் கவனித்திருந்தார்கள்.

தூறல் | மார்ச் 9, இரவு 8.00

அந்தக் கால்வாசியைப் பற்றி நான் பேச வேண்டும். நானும் என் துணைவரும் இரண்டு ஆண்கள். வீட்டில் நாங்கள் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தெருவில் அவர் கையைப் பிடித்தால் நான் நடந்துகொண்டே கண்களை எண்ணுகிறேன். எதிரே வரும் இளைஞர் கூட்டம், நின்றிருக்கும் வண்டி, பின்னால் கேட்கும் காலடி. யாரும் பார்க்கவில்லை என்று எங்களிடம் சொல்லாதீர்கள். பார்க்கிறார்கள். ஒருமுறை பின்தொடர்ந்து வந்தும் இருக்கிறார்கள். அவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, எனக்கு அப்படி இல்லை. இதில் யார் கோழை என்ற சண்டை எங்களுக்குள் வந்து போய்விட்டது. இப்போது ஒரு ஏற்பாடு. எது ஆபத்து என்று கணக்குப் போடுவது பயம் அதிகமுள்ளவர் வேலை, அவர் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் விவாதம் கிடையாது, வீட்டுக்கு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இது சரியான தீர்வா என்று எனக்கே உறுதியில்லை. அவர் நிறைய விட்டுக்கொடுக்கிறார்.

படித்துறை | மார்ச் 9, இரவு 10.10

தூறல் சொன்னதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயத்துக்குக் காரணம் இருந்தால் அதைக் கூச்சம் என்று சொல்லிப் பழக்கப்படுத்த முயலக் கூடாது.

பனியன் ஆய்வு அந்நியர்களைப் பற்றி ஓரளவு ஆறுதல் சொல்லும். நடைபயணியின் மனைவிக்கு அந்நியர்கள் தொல்லையே இல்லை. தெரிந்தவர்கள் கவனிப்பார்கள், நினைவும் வைத்திருப்பார்கள், நாளைக்கு அதைப் பேசவும் செய்வார்கள். அந்தப் பயத்தில் பாதியாவது நிஜம்.

இனி எப்படிப் பேசுவது என்று. தெருவில் பேச வேண்டாம், கை விலகிய அன்றே பேச வேண்டாம். "ஏன்" என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போவார். ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க மற்றவர் பின்வாங்கிக்கொண்டே இருப்பதை கிறிஸ்டென்சனும் ஹீவியும் 1990-ல் தம்பதியரிடம் ஆராய்ந்து எழுதினார்கள். மாற்றத்தை விரும்புகிறவர் யாரோ அவர்தான் பெரும்பாலும் கேட்கும் இடத்தில் நிற்கிறார், இப்போதைய நிலை போதும் என்பவர் பின்வாங்குகிறார். கேட்கும் வேகம் கூடக் கூடப் பின்வாங்குவதும் கூடும். அதனால் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். எங்கே சுலபமாக இருக்கிறது, எங்கே கஷ்டமாக இருக்கிறது, எப்படிப் பிடித்தால் பரவாயில்லை. இவற்றுக்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

நடைபயணி | மார்ச் 13, இரவு 11.55

பேசினேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம், கைக்கு வேலை இருந்தது, முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அது உதவியது. அந்த வெளியூர்த் தெருவைப் பற்றித் தொடங்கினேன். அங்கே உனக்கு எப்படிச் சுலபமாக இருந்தது என்று கேட்டேன்.

முதலில் தெரியவில்லை என்றாள். அப்புறம் தானாக வந்தது. கல்யாணமான புதிதில் அவளை அழைத்துவர அலுவலக வாசலுக்குப் போயிருக்கிறேன், கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறோம். அவளோடு வேலை செய்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நாள் கேலி செய்தாராம். கூட்டத்தில் அவள் ஒரு கணக்கில் தப்பு கண்டுபிடித்துச் சொன்னபோதுகூட, "புதுப்பெண் கனவிலிருந்து இறங்கி வந்துவிட்டார்" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவள் சொன்ன கணக்கை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இது தெரியவே தெரியாது. அன்றிலிருந்து தெரிந்தவர் கண்ணில் படும் இடத்தில் தான் யாருடைய மனைவியாகவும் தெரியக் கூடாது, தானாக மட்டும் தெரிய வேண்டும் என்று உடம்பே முடிவுசெய்துவிட்டது என்றாள்.

இரண்டாவதாக ஒன்று சொன்னாள். "தனியாக நடக்கும்போது நீங்கள் கையைப் பிடிப்பது குறைவு. ஆள் இருக்கிற இடத்துக்குள் நுழையும்போதுதான் பிடிக்கிறீர்கள்." யோசித்துப் பார்த்தால், விருந்து நடக்கும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் கை போகிறது. அந்தப் பிடியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று அவளுக்கு. இன்னொன்று உள்ளே இருப்பவர்களுக்கு, நாங்கள் ஒன்றாக இருக்கிறோம் என்று. அவளுக்கு இரண்டாவதுதான் முதலில் தெரிகிறது.

இதற்காக நான் வெட்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளோடு இருப்பது எனக்குப் பெருமை, அது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.

படித்துறை | மார்ச் 14, காலை 10.30

இருக்கட்டும், அதில் தப்பு ஒன்றுமில்லை. கோத்த கை பார்க்கிறவர்களுக்கும் செய்தி சொல்கிறது என்பது பழைய கவனிப்பு. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1971-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் இருவருக்கும் அந்தச் செய்தி பற்றித்தான் தகராறு, தொடுதல் பற்றி இல்லை. இனி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசலாம்.

செய்திக்கு வேறு வழி கேளுங்கள். கூட்டத்தில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலி, பேச்சில் உங்களை இழுப்பது, எதிர்மூலையிலிருந்து ஒரு பார்வை. எது அவருக்கு வருமோ அது.

தொடுதலுக்கு அவர் பிடிக்கும் முறை வேண்டும். முழங்கை நல்ல இடம். உங்கள் கை சும்மா மடங்கி இருக்கட்டும், அவர் வேண்டும்போது உள்ளே கையை விடுவார், வேண்டாதபோது எடுப்பார், யாரும் யாரையும் பற்றியிருக்கவில்லை. கையையே பிடித்தால், அவர் சாக்குத் தேடுவதற்கு முன் நீங்களே விட்டுவிடுங்கள். விட்ட பிறகு முகத்தை வாட விடாமல் பேச்சைத் தொடருங்கள், அதுதான் கடினமான பகுதி. நீட்டிய விரல்கள் மடங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள், எவ்வளவு நேரம் என்பதை விட்டுவிடுங்கள்.

நேர்கோடு | மார்ச் 14, மாலை 5.40

மன்னிக்கவும், எனக்கு இது ஒருபக்கமாகத் தெரிகிறது. முழங்கையை மடக்கிக் காத்திருப்பது, முதலில் விடுவது, முகத்தை வாட விடாமல் வைத்திருப்பது, எல்லாம் நடைபயணியின் தலையில். யாரோ ஒருவர் அலுவலகத்தில் செய்த கேலிக்கு இவர் ஏன் காலம் முழுக்க விலை கொடுக்க வேண்டும்? அவரும் ஓர் அடி வர வேண்டாமா?

சாம்பல்பூனை | மார்ச் 14, இரவு 9.20

நியாயமான கேள்வி. என் கணவரும் இதையே கேட்டார். நான் என்ன செய்தேன் என்றால், எனக்கு முடிகிற இடங்களில் நானே முதலில் பிடிக்க ஆரம்பித்தேன். இருட்டான திரையரங்கு, ரயில் நடைமேடை, தெரியாத தெரு. நான் பிடித்தால் எனக்கு முகத்தைப் பற்றிய நினைவு குறைகிறது, ஏன் என்று தெரியவில்லை. நண்பர்கள் வீட்டில் இன்றுவரை முடியவில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருக்கிறது, எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்த வருத்தத்தோடுதான் விருந்துக்குப் போகிறோம்.

நடைபயணி | ஏப்ரல் 2, இரவு 10.15

இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

முழங்கை வேலை செய்கிறது. பெரிய சாலையைக் கடக்கும்போது முதலில் வந்தது, கடந்த பிறகும் இருந்தது. எங்கள் தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால்வரை வந்தது, அங்கே எடுத்துக்கொண்டாள். பை நழுவவில்லை, "இங்கே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு வலிக்கவில்லை.

கெட்டுப்போனதும் உண்டு. நண்பர் ஒருவர் வீட்டில் அவள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து அவள் முதுகில் கை வைத்தேன். விறைத்துப் பாதி திரும்பினாள், கையிலிருந்த கோப்பை தளும்பியது. வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் பேசவில்லை. மறுநாள் அவளே சொன்னாள், தொட்டது பெரிதில்லை, நான் வருவது தெரியாததுதான் என்று. பார்வையில் படாமல் வரும் கை அவளுக்கு எங்கேயும் ஆகாது, வீட்டில்கூட. இதை நான் கவனித்ததே இல்லை.

நேர்கோடு, உங்கள் கேள்வி நியாயம்தான். அவளிடம் அதையும் கேட்டேன். என் நண்பர்கள் முன்னால் ஏதாவது ஒன்று வேண்டும் என்று. கை கோக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் உட்காருவேன், உங்கள் கதைகளை நானே எடுத்துக் கொடுப்பேன் என்றாள். போன வாரம் அப்படிச் செய்தாள். நன்றாகத்தான் இருந்தது. எதிரே சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜோடியைப் பார்த்தபோது எனக்குள் அந்தப் பழைய ஏக்கம் இருந்தது, அது இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டாள், பதில் எதுவும் சொல்லவில்லை.

தூறல் | ஏப்ரல் 3, காலை 7.00

"இங்கே எடுத்துக்கிறேன்" என்பதை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். என் துணைவருக்குப் பிடித்துவிட்டது. இதுவரை நான் ஒன்றும் சொல்லாமல் கையை உருவிவிடுவேன்.

ஆலமரம் | ஏப்ரல் 3, மாலை 6.45

எல்லாம் படித்தேன். படித்துறை அம்மா, கோத்த கையில் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது என்றீர்களே. என் வீட்டில் செய்தி மட்டும்தான் இருக்கிறது. வெளியே அவர் கையைப் பிடிக்கும்போது நான் பிடித்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? வேறு எங்கும் கிடைக்காததால் அந்தக் கையை எனக்கு விட மனம் வரவில்லை.

படித்துறை | ஏப்ரல் 3, இரவு 9.30

விட வேண்டாம் அம்மா. இப்போதைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே போய்விட்டு வீடு திரும்பும் வழியில், வாசலுக்கு எவ்வளவு தூரத்தில் அவர் கையை விடுகிறார், அந்த நேரத்தில் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கொஞ்ச நாள் கவனித்து எழுதுங்கள். கதவுக்குப் பின்னால் எப்போதிலிருந்து தனித்தனி அறை, அதற்கு முன் எப்படி இருந்தது என்பதும் தெரிய வேண்டும். இங்கே எழுதப் பிடிக்காவிட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

ஆலமரம் | ஏப்ரல் 4, காலை 5.50

இங்கேயே எழுதுகிறேன். நேற்று வெளியே போனோம். படிக்கட்டு வரை பிடித்திருந்தார். சாவியை எடுக்கக் கையை விட்டார்.